படிப்பு மேசைக்கு வயர் கீபோர்டா, வயர்லெஸ்ஸா? சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பையன் பிளஸ் டூ போறான். ரூம்ல மேசை போட்டு கம்ப்யூட்டர் வெச்சாச்சு. வயர் வாங்கட்டுமா, வயர்லெஸ் வாங்கட்டுமா?

வயர் வாங்குங்கள். மேசையும் நகரப்போவதில்லை, கம்ப்யூட்டரும் நகரப்போவதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது இரண்டடி தூரம். அந்த இரண்டடிக்காக பேட்டரி, ரேடியோ, கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் செருகும் குட்டி டாங்கிள் என்று மூன்று புதிய பழுதுகளுக்கு இடம் கொடுக்க வேண்டாம். வயர்லெஸ்தான் சரி என்று நானே சொல்லும் வீடுகளும் உண்டு. டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்துக் கட்டிலில் உட்கார்ந்து படிப்பவர்கள், ஒரே மேசையில் சாப்பாடும் படிப்பும் நடக்கும் சின்ன வீடுகள், டேப்லெட் வைத்திருப்பவர்கள். உங்களுக்கு இதில் எதுவும் இல்லையென்றால் வயர் போதும்.

வயர்லெஸ் வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு. டைப் பண்ணும்போது எழுத்து விட்டுப்போகுது. சில நேரம் ஒரே எழுத்து வரிசையா ஓடுது. கீபோர்டு போயிடுச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. கடையில் கொடுத்து மாற்றுவதற்கு முன் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். வயர்லெஸ் கீபோர்டு பற்றி எனக்கு வரும் புகார்களில் நிறைய இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கன்னங்குறிச்சியில் என் அக்கா வீடு. அக்கா மகள் சி.ஏ. படிக்கிறாள். பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு மேசை, அதன் கீழ்த் தட்டில் சி.பி.யு., முதுகைச் சுவர்ப் பக்கம் காட்டிக்கொண்டிருக்கிறது. டாங்கிள் பின்பக்கத்தில். பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க். "மாமா, சாயங்காலம் ஆனாத்தான் எழுத்து விட்டுப்போகுது, காலையில நல்லா இருக்கு" என்றாள். புது பேட்டரி போட்டுப் பார்த்திருக்கிறாள், சரியாகவில்லை. சாயங்காலம் என்ன செய்வாய் என்று கேட்டேன். அன்றைய வகுப்பு வீடியோக்களை ஹார்டு டிஸ்கில் ஏற்றுவாளாம்.

குற்றவாளி அந்த ஹார்டு டிஸ்க்தான். டாங்கிள் வைத்த கீபோர்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. நீல நிற நாக்கு உள்ள யு.எஸ்.பி. 3 துளையில் வேகமாகத் தரவு ஓடும்போது, அந்தத் துளையும் கேபிளும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சலைக் கசியவிடுகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. இரைச்சல் சின்னதுதான். ஆனால் டாங்கிள் அதற்கு ஒரு அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, கீபோர்டோ இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம். சந்தைக் கூச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு, கதவுக்கு அப்பால் கிசுகிசுப்பவரின் பேச்சைக் கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும்? டாங்கிளின் நிலைமை அதுதான்.

எழுத்து விட்டுப்போவது சரி, வரிசையாக ஓடுவது ஏன்? கீபோர்டு ஒவ்வொரு விசைக்கும் இரண்டு செய்தி அனுப்புகிறது. ஒன்று, அழுத்தியாயிற்று. இன்னொன்று, விட்டாயிற்று. இரண்டாவது செய்தி வழியில் சிக்கிக்கொண்டால், நீங்கள் விசையை இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைக்கிறது. ஏறக்குறைய அரை விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த எழுத்தை வரிசையாக அடிக்கத் தொடங்கிவிடும்.

நாங்கள் செய்த சோதனை எளிது. நோட்பேடைத் திறந்து 1 முதல் 0 வரை பத்து இலக்கங்களையும் நிதானமாக அடித்து ஒரு வரி. அப்படி இருபது வரி. ஒழுங்காக வந்தால் எல்லா வரியும் ஒரே நீளம். ஹார்டு டிஸ்க் சும்மா இருக்கும்போது இருபதும் நேராக நின்றன. பெரிய கோப்பு ஒன்றை அதில் ஏற்றிக்கொண்டே அடித்தபோது ஏழு வரி குட்டை, ஒரு வரியில் 6 மட்டும் நீண்டு ஓடியது. பிறகு ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை மேசை மேலே கொண்டுவந்து மானிட்டர் அடியில் ஒட்டினோம். கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே இருபது வரியும் சரியாக வந்தன. செலவு 120 ரூபாய். சில பெட்டிகளில் அந்த வயர் கூடவே வரும். எதற்கென்று தெரியாமல் டிராயரில் போட்டுவிடுகிறோம்.

நீட்டிப்பு வயர் கையில் இல்லையென்றால், சி.பி.யு.வின் முன்பக்கத்தில் கருப்பு நாக்குள்ள யு.எஸ்.பி. 2 துளையில் டாங்கிளைச் செருகுங்கள். வைஃபை ரவுட்டர் அதே மேசையில் இருந்தால் நாலடி தள்ளி வையுங்கள், அல்லது கம்ப்யூட்டரை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றுங்கள். இதற்கெல்லாம் பிறகும் எழுத்து விட்டுப்போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். அதற்கும் அசையாவிட்டால்தான் கீபோர்டு.

எனக்கு எல்லா எழுத்தும் இல்லை, e மட்டும் ரெண்டு தடவை விழுது. அதுவும் டாங்கிள்தானா?

இல்லை. ரேடியோவுக்கு e, r என்ற பேதம் தெரியாது. கோளாறு ரேடியோவில் என்றால் எல்லா விசையிலும் கலந்து வரும். ஒரே விசை, எப்போதும் இரண்டே முறை என்றால் அந்த விசையின் அடியில் உள்ள தொடர்பு தேய்ந்திருக்கிறது, அல்லது அழுக்கு சேர்ந்திருக்கிறது. இது வயர் கீபோர்டிலும் அப்படியே வரும். விசை மூடியை நெம்பி எடுத்துத் துடைத்துப் பாருங்கள்.

வயர் கீபோர்டு மட்டும் பழுதாகாதா என்ன?

ஆகும். ஆனால் சத்தம் போட்டுவிட்டு ஆகும். எனக்கு வயர் பிடிப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

வயர் முதலில் அறுவது கீபோர்டிலிருந்து வெளியே வரும் கழுத்தில். கீபோர்டைத் தூக்கி மானிட்டர் மீது சாய்த்து வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் சீக்கிரம் அறும். இரண்டாவது, சி.பி.யு. முன்பக்கத் துளை. பென் டிரைவ் செருகிச் செருகித் தளர்ந்துபோயிருக்கும். மூன்றாவது, எலி. செவ்வாய்ப்பேட்டையின் பழைய வீடுகளில் எலி கடித்த வயர் மாதம் ஒன்றாவது என் கைக்கு வந்துவிடும். இந்த மூன்றிலும் இணைப்பு விடும்போது விண்டோஸ் ஒரு மணியோசை கொடுக்கும், திரும்பச் சேரும்போது இன்னொன்று. வயரைக் கழுத்தருகே லேசாக ஆட்டினால் அந்த ஓசை வருகிறதா? அப்படியானால் பழுது அங்கேதான், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வயர்லெஸ்ஸில் டாங்கிள் செருகியபடியே இருப்பதால் விண்டோஸுக்கு ஒன்றும் தெரியாது. எழுத்து விட்டுப்போனதை நீங்கள்தான் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். விடையை வேகமாக அடிக்கும் பிள்ளை திரையைப் பார்க்காது.

வயரை நடுவே ஓரிடத்தில் மேசைக் காலோடு தளர்வாகக் கட்டி வையுங்கள். கழுத்தில் இழுவை விழாது. சி.பி.யு.வின் பின்பக்கத் துளையில் செருகுங்கள். வேறு பராமரிப்பு கிடையாது.

வயர்லெஸ்ல எழுத்து லேட்டா வரும்னு சொல்றாங்களே?

படிப்பு வேலைக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. சாதாரண வயர் கீபோர்டை கம்ப்யூட்டர் விநாடிக்கு 125 முறை "ஏதாவது உண்டா?" என்று கேட்கிறது, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. டாங்கிள் கீபோர்டும் ஏறக்குறைய அதே அளவுதான். புளூடூத்தில் சில கருவிகளில் 10, 20 மில்லி விநாடி கூடும். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் அதுவே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16.7 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 40 சொல் அடிப்பவருக்கு ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 300 மில்லி விநாடி. அந்த 300-ல் இந்தப் பத்து எங்கே தெரியப்போகிறது? துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் விநாடிக்கு 1,000 முறை கேட்கும் கீபோர்டு தேடுவார்கள். அது வயரிலும் உண்டு, விலை கொடுத்தால் வயர்லெஸ்ஸிலும் உண்டு.

உண்மையாகவே உணரக்கூடிய தாமதம் ஒன்று இருக்கிறது: தூக்கம். பேட்டரியை மிச்சம் பிடிக்க, சில நிமிடம் தொடாவிட்டால் வயர்லெஸ் கீபோர்டு உறங்கிவிடும். புத்தகத்தைப் பத்து நிமிடம் படித்துவிட்டு வந்து முதல் விசையை அடித்தால் அது எழுப்புவதற்கே செலவாகிவிடும், குறிப்பாகப் புளூடூத்தில். பாஸ்வேர்டின் முதல் எழுத்து விழாமல், "தப்பு" என்று காட்டுவது பலருக்குப் பழக்கமான காட்சி. முதலில் ஷிப்ட் விசையை ஒரு தட்டு தட்டி எழுப்பிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள்.

பெட்டியில 12 மாசம் பேட்டரி வரும்னு போட்டிருக்கு. நம்பலாமா?

நம்பலாம். ஆனால் எந்த பேட்டரி, எப்படிப்பட்ட கீபோர்டு என்று பார்த்து நம்புங்கள்.

ரிமோட்டில் போடும் சின்ன ட்ரிபிள் ஏ ஆல்கலைன் பேட்டரியில் தோராயமாக 1,000 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால், ஒரு வருடம் ஓட வேண்டுமானால் கீபோர்டு சராசரியாக 0.11 மில்லி ஆம்பியர்தான் இழுக்க வேண்டும். நாளின் பெரும்பகுதி உறங்கும் எளிய கீபோர்டுக்கு அது முடியும். எழுத்தடியில் விளக்கு எரியும் கீபோர்டை இதே கணக்கில் போடுங்கள்: விளக்கு மட்டும் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் 50 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் விளக்குள்ள வயர்லெஸ் கீபோர்டுகளில் மாற்றும் பேட்டரி வைக்காமல், சார்ஜ் செய்யும் பேட்டரி வைக்கிறார்கள்.

ரிமோட்டுக்குப் போடும் பத்துப் பதினைந்து ரூபாய் கார்பன் பேட்டரியை இதில் போடாதீர்கள். கொள்ளளவு பாதிக்கும் குறைவு என்பது ஒரு பக்கம். அதன் வெளிக்கூடே துத்தநாகத் தகடுதான். பேட்டரி தீரத்தீர அந்தக் கூடே கரைந்து மெலிகிறது, பிறகு கசிகிறது. வருடக்கணக்கில் திறந்து பார்க்காத ஒரு பெட்டிக்குள் வைக்கும் பொருள் அது இல்லை. ஆல்கலைனும் முழுக்கத் தீர்ந்த பிறகு அப்படியே கிடந்தால் கசியும். முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அந்தப் பொடி காரத்தன்மை உள்ளது. பேட்டரியை எடுத்துவிட்டு, காதுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுத் தொட்டுத் துடையுங்கள், பிறகு ஈரமில்லாமல் காயவையுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். ஸ்பிரிங் பச்சையாகி உதிர்ந்திருந்தால் அது தேறாது.

ரீசார்ஜ் பேட்டரி போடலாமா என்று கேட்பார்கள். அது 1.2 வோல்ட். கடைசிவரை ஒரே மட்டத்தில் நின்று, திடீரென்று இறங்கும். ஆல்கலைன் 1.5-லிருந்து படிப்படியாக இறங்குவதை வைத்துத்தான் பல கீபோர்டுகளின் எச்சரிக்கை விளக்கு அமைந்திருக்கிறது. அதனால் ரீசார்ஜ் போட்டால் விளக்கு முன்னதாகவே பயமுறுத்தும், அல்லது சொல்லாமலேயே கீபோர்டு நின்றுபோகும். வருடத்துக்கு ஒரு ஜோடி மாற்றும் பொருளுக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

தீரப்போகிறது என்பதற்கு அடையாளம்: கீபோர்டை டாங்கிளுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனால் சரியாக வேலை செய்யும், வழக்கமான இடத்தில் தடுமாறும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலந்தால் பழையதுதான் முதலில் கசியும்.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம். குளிருக்கு பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடும்னு சொல்றாங்க, நிஜமா?

ஏற்காட்டுக் குளிர் அதற்குப் போதாது. கீபோர்டு இழுக்கும் சொற்ப மின்சாரத்துக்கு அந்தக் குளிரில் ஆல்கலைன் பேட்டரி நன்றாகவே தாங்கும். அங்கே எதிரி ஈரம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மழைமாதங்களில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். துணி காயாது, காகிதம் நமுத்துப்போகும். அதே ஈரம் பேட்டரி ஸ்பிரிங்கில் மெல்லிய துருப்படலத்தை ஏற்றும். பேட்டரி நிறைந்திருக்கும், ஆனால் மின்சாரம் தொடர்பு முனையைத் தாண்டாது. பேட்டரியை விரலால் இருந்த இடத்திலேயே நாலு சுற்று சுற்றினால் கீபோர்டு உயிர்பெறும். அப்படி உயிர்பெற்றால் காரணம் துருதான், பேட்டரியைத் தூக்கிப்போடாதீர்கள். ஸ்பிரிங்கையும் முனையையும் அழிரப்பரால் தேய்த்துவிட்டு மூடுங்கள்.

விடுமுறைக்குக் கீழே இறங்கும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். எஸ்டேட் வீடு ஒன்றில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த கீபோர்டைத் திறந்தபோது பேட்டரி அறையே உப்பளம் மாதிரி இருந்தது. இந்தத் தொல்லை எதுவும் வயர் கீபோர்டுக்கு இல்லை, அதனால் மலைமேல் இருப்பவர்களுக்கு நான் இரட்டிப்பு உறுதியோடு வயர் என்றே சொல்வேன்.

அஞ்சு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும்?

கடைக்குக் கடை மாறும், தோராயமாகச் சொல்கிறேன். நல்ல சாதாரண வயர் கீபோர்டு 600 ரூபாய், அவ்வளவுதான். அதே தரத்தில் டாங்கிள் கீபோர்டு 1,200. ஆல்கலைன் ஜோடி 80 ரூபாய், ஐந்து வருடத்துக்கு ஐந்து ஜோடி 400. நீட்டிப்பு வயர் 120. மொத்தம் 1,720. வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல மேசை விளக்கு வாங்கலாம், பிள்ளையின் கண்ணுக்கு உதவும்.

300 ரூபாய்க்கு வயர்லெஸ் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். விலை மலிவான சில டாங்கிள் கீபோர்டுகள் அடிக்கும் எழுத்தை மறைகுறியாக்காமல் அப்படியே காற்றில் அனுப்புகின்றன என்று 2016-லேயே பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். பாஸ்வேர்டும் அதில் அடக்கம். பெட்டியில் மறைகுறியாக்கத்தைக் குறிக்கும் `AES` என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். வயரில் இந்தக் கவலையே இல்லை.

டைப்-சி வயர் போட்டு சார்ஜ் பண்ற வயர்லெஸ் வாங்கினா ரெண்டும் ஆச்சுதானே?

எல்லாவற்றிலும் ஆகாது. சிலவற்றில் அந்த வயர் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், எழுத்து அப்போதும் ரேடியோவில்தான் போகும். கடையிலேயே சோதித்துவிடலாம். டாங்கிளை எடுத்துவிட்டு, புளூடூத்தையும் அணைத்துவிட்டு, வயரை மட்டும் செருகி அடித்துப் பாருங்கள். எழுத்து விழுந்தால் இரண்டும் ஆயிற்று. விழாவிட்டால் கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அது வயர்லெஸ் மட்டுமே.

விண்டோஸ் திரும்பப் போடணும்னு மெக்கானிக் வந்தார். புளூடூத் கீபோர்டு வேலைக்கு ஆகாதுன்னுட்டார். ஏன்?

அவர் சொன்னது சரி. புளூடூத் கீபோர்டை அடையாளம் காண்பது பெரும்பாலும் விண்டோஸின் வேலை. விண்டோஸ் எழும்புவதற்கு முன் வரும் `BIOS` திரையில் அதைக் கேட்க ஆள் இல்லை. டாங்கிள் கீபோர்டு அங்கேயும் வேலை செய்யும், ஏனென்றால் டாங்கிள் தன்னை ஒரு சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டு என்றே காட்டிக்கொள்கிறது. எந்த வயர்லெஸ் வாங்கினாலும் பழைய வயர் கீபோர்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பரணில் வையுங்கள்.

டேப்லெட்டுக்கு?

புளூடூத். யோசிக்கவே வேண்டாம்.

டாங்கிள் தொலைஞ்சுபோச்சு, அது மட்டும் தனியா கிடைக்குமா?

மலிவு வகைகளில் கிடைக்காது. அந்தந்த டாங்கிள் அந்தந்தக் கீபோர்டோடு தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டது. வேறொன்றை வாங்கிச் செருகினால் பேசாது. ஒரே டாங்கிளில் பல கருவிகளைச் சேர்க்க விடும் சில பெரிய நிறுவனங்களின் பொருளுக்கு மட்டும் தனி டாங்கிள் கிடைக்கும், அதையும் மென்பொருள் போட்டு ஜோடி சேர்க்க வேண்டும்.

அம்மாப்பேட்டையில வீட்டோட தறி. பஞ்சுத் தூசி எல்லா இடத்துலயும் அப்புது. எதுங்க தாங்கும்?

தூசிக்கு வயர், வயர்லெஸ் இரண்டும் ஒன்றுதான்; விசைக்கு அடியில் போய் மெத்தை கட்டிவிடும், விசை பாதியில் நிற்கும். ஆனால் சுத்தம் செய்வதில் வித்தியாசம் உண்டு. வாரம் ஒருமுறை வயர் கீபோர்டைப் பிடுங்கி, தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் தட்டி, பெயின்ட் பிரஷ்ஷால் வரிசை வரிசையாகத் தள்ளிவிட்டால் முடிந்தது. வயர்லெஸ்ஸில் பேட்டரியை எடுத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் தட்டுகிற தட்டில் ஏதாவது விசை அழுந்தி, திறந்து வைத்த பாடக் குறிப்பு அழிந்திருக்கும். தறிக்கூடத்துப் பக்கம் மேசை இருந்தால், உயரம் குறைந்த தட்டை விசைகள் உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். விசைக்கு அடியில் இடம் குறைவு, பஞ்சு சேர்வதும் குறைவு. வேலை முடிந்ததும் ஒரு பழைய துண்டை மேலே போட்டு மூடுங்கள்.